சத்துவாச்சாரி ஃப்ளாட்டா, ரீட் யூனிட்டா? ஓய்வுபெற்றவரின் 40 லட்சம்

வேலூரில் வருமான வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் தொழில். அதனால் பணி ஓய்வு பெற்ற கையோடு வருகிறவர்களை ஆண்டு முழுவதும் பார்க்கிறேன். பணிக்கொடையும் சேமநல நிதியும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததும் இந்த ஊரில் எல்லாருக்கும் தோன்றும் முதல் யோசனை, ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டுவிடலாம் என்பதுதான். சில ஆண்டுகளாக, பெரிய கட்டடங்களின் வாடகையைப் பங்கிட்டுத் தரும் ரீட் பற்றிய இன்னொரு கேள்வியும் கூடவே வருகிறது. மகனோ மருமகளோ சொல்லியிருப்பார்கள்: "ரீட் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் போட்டால் வாடகை தானாக வந்துவிடுமாமே?"

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஆலையில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். காட்பாடி காந்தி நகரில் சொந்த வீடு, கடன் இல்லை. கையில் 40 லட்சம் இருந்தது. சத்துவாச்சாரியில் தரகர் காட்டிய ஒரு ஃப்ளாட்டின் பத்திர நகல்களை மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்தார். இரண்டாவது மாடி, 850 சதுர அடி, பத்து வருடப் பழைய கட்டடம், விலை 36 லட்சம், வாடகை 12,000. "சார், இதற்கு முன்பணம் கொடுக்கட்டுமா, இல்லை பையன் சொல்வதைக் கேட்கட்டுமா?" என்றார். அவர்களுக்குப் போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன். எண்கள் உங்களுக்கு மாறும், போடும் முறை மாறாது.

## எதைக் கொண்டு அளப்பது

வழக்கமாக எல்லாரும் ஒரே அளவுகோலைத்தான் வைப்பார்கள்: மாதம் எவ்வளவு வரும்? ஓய்வுக்காலத்துக்கு அது போதாது. நான் நான்கு கேள்விகள் கேட்பேன். எல்லாச் செலவும் போகக் கைக்கு வருவது எவ்வளவு? அப்படி வருவதில் உண்மையான வருமானம் எவ்வளவு, நம்முடைய முதலே கரைந்து வருவது எவ்வளவு? திடீரென்று மூன்று லட்சம் தேவைப்பட்டால் எடுக்க முடியுமா? எழுபத்தைந்து வயதில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இவற்றில் இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஃப்ளாட்டும் சரி, ரீட்டும் சரி, நமக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதி நம் முதலின் துண்டாக இருக்கலாம். இரண்டும் அதை வெவ்வேறு இடத்தில் மறைத்து வைத்திருக்கின்றன.

## வாடகை ஃப்ளாட்

36 லட்சத்துக்கு ஃப்ளாட் வாங்கினால் 36 லட்சத்தோடு முடிவதில்லை. கைமாறும் பழைய ஃப்ளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் 3,24,000 ரூபாய் அங்கேயே போய்விடும். (புதிதாகக் கட்டி முதல்முறை விற்கும் 50 லட்சம் வரையிலான ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம்தான். புது ஃப்ளாட்டையும் பழையதையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள்.) தரகருக்கு ஒரு சதவீதம், அதாவது 36,000. வழக்கறிஞரின் பார்வைக் கட்டணம், பெயிண்ட், பழைய குழாய்களை மாற்றுவது ஆகியவற்றுக்கு 40,000. ஆக, சரியாக 40 லட்சம். வீட்டுக்குள் குடித்தனம் வருவதற்கு முன்பே 4 லட்சம் காணாமல் போயிருக்கும்.

ஆண்டு வாடகை 1,44,000. இதில் ஒரு மாத வாடகையைக் காலியிருப்புக்கும் தரகுக்கும் ஒதுக்க வேண்டும். சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடித்தனம் மாறும். மாறும்போது ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும், புது ஆளைக் கொண்டுவரும் தரகருக்கும் கொடுக்க வேண்டும். சொத்து வரி, குடிநீர் வரி ஆகியவற்றுக்கு 5,000 வைத்துக்கொள்வோம். மாதாந்தரப் பராமரிப்பைக் குடித்தனக்காரர் கட்டிவிடுவார். ஆனால் லிப்ட் கயிறு, சம்ப் மோட்டார், மொட்டை மாடிப் பூச்சு, ஒவ்வொரு குடித்தனம் போன பிறகும் அடிக்க வேண்டிய பெயிண்ட் எல்லாம் உரிமையாளர் தலையில்தான். அதற்கு 15,000. மொத்தச் செலவு 32,000; கைக்கு நிற்பது 1,12,000. மாதம் 9,300 சொச்சம். போட்ட 40 லட்சத்துக்கு 2.8 சதவீதம். நுழைவதற்குச் செலவழித்த 4 லட்சத்தை மீட்கவே மூன்றரை ஆண்டு வாடகை வேண்டும்.

பழுதுக்கு 15,000 அதிகம் என்று அந்தக் கணவர் நினைத்தார். என் சொந்தக் கதையைச் சொன்னேன். எனக்கும் ஒரு மேல்மாடி ஃப்ளாட் இருந்தது. 2021 நவம்பர் மழையில், பாலாற்றில் வெள்ளம் போன அந்த வாரத்தில், குடித்தனக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் படுக்கையறைக் கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். தொட்டால் சுண்ணாம்பு பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது. ஒழுகுவது என் கூரை, ஆனால் மொட்டை மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. பூச்சு வேலைக்கு 2,40,000 கேட்டார்கள், வீட்டுக்கு 20,000. மூன்று உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். தரைத்தளத்துக்காரர், "எனக்கு எங்கே ஒழுகுகிறது?" என்று கேட்டார். கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. பணம் சேர்ந்து வேலை முடியப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் குடித்தனம் காலி செய்துகொண்டு போய்விட்டது. இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது.

### முதல் எங்கே கரைகிறது

ஃப்ளாட்டில் முதல் கரையும் இடம் கட்டடம். உங்களுக்கு உண்மையில் சொந்தமாவது எவ்வளவு நிலம் என்பது பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்ற வரியில் இருக்கும். மஞ்சள் பையிலிருந்த நகலைப் புரட்டிப் பார்த்தோம். 340 சதுர அடி. அந்தத் தெருவில் மனை விலை சதுர அடி 4,000 என்று வைத்தால் நிலத்தின் மதிப்பு 13,60,000. 36 லட்சத்தில் மீதி 22,40,000 ரூபாய் செங்கல், கம்பி, சிமென்ட், டைல்ஸ். அந்தக் கட்டடத்துக்கு இன்னும் நாற்பது ஆண்டு ஆயுள் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 56,000 ரூபாய் தேய்கிறது. வாடகையில் நின்ற 1,12,000-இல் இது சரிபாதி.

நிலம் ஏறாதா என்றால், ஏறும். 13,60,000 ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 68,000. தேய்மானம் 56,000 போக மிச்சம் 12,000. தனி மனை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரின் சொத்து இரட்டிப்பாகும்போது, நம் ஃப்ளாட்டை மட்டும் ஏன் யாரும் பெரிய விலைக்குக் கேட்பதில்லை என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. 850 சதுர அடி வீட்டுக்குப் பிரிபடாத பாகம் 450, 500 என்று இருந்தால் கதையே மாறும். ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் பளபளக்கும் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

வரியில் ஃப்ளாட்டுக்கு ஒரு சலுகை உண்டு. வாடகையில் சொத்து வரியைக் கழித்த மீதியில், செலவு ஆனாலும் ஆகாவிட்டாலும், 30 சதவீதத்தைக் கழித்துவிட்டு மற்றதைத்தான் வருமானமாகக் காட்ட வேண்டும். மற்றபடி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்துகொள்ளுங்கள். முத்திரைத் தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைப்பது இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. பிரச்சினை இல்லாத வரை அது போதும். ஆள் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டால், பதிவு எண் இல்லாமல் அதே சட்டத்தின் உதவியைக் கேட்டுப் போவது சிரமம்.

## ரீட்

ரீட் என்பது ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை. பெரிய அலுவலக வளாகங்களையோ வணிக வளாகங்களையோ வைத்திருந்து, வரும் வாடகையை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி இதற்கான விதிகளை 2014-இல் வகுத்தது. முதலாவதான எம்பசி 2019-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் செலக்ட், நாலெட்ஜ் ரியாலிட்டி ஆகியவை பின்னால் வந்தன. சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடித்து வாடகை வருவதாக இருக்க வேண்டும். பிரித்துக் கொடுக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது என்பது விதி, நடைமுறையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். 2021-இலிருந்து ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கு இருந்தால் போதும்.

பத்து லட்சத்துக்குக் குறையாமல் போடச் சொல்லும் 'சிறு, நடுத்தர ரீட்' என்று 2024-இலிருந்து இன்னொரு வகையும் இருக்கிறது. ஒன்றிரண்டு கட்டடத்தை நம்பியிருக்கும் அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் பேசுவது முதல் வகையைப் பற்றி.

கணக்குக்காகப் பங்கீடு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் பொறுத்து இது கூடும், குறையும். 40 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,40,000. நுழைவுச் செலவு தரகுக் கட்டணமும் சிறு வரியுமாகச் சில ஆயிரம். மாதம் 20,000, வீட்டிலிருந்தபடியே, தண்ணீர் மோட்டார் கவலை இல்லாமல். 9,300-க்கு எதிரே 20,000 என்று எழுதியதும் அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் பையன் சொன்னது சரிதானே?" என்றார். பாதி சரி.

### முதல் எங்கே கரைகிறது

ரீட் பங்கீடு ஒரே தொகையாக வங்கியில் விழும். ஆனால் அது நான்கு வகைப் பணம். ஓர் எடுத்துக்காட்டு: யூனிட்டுக்கு 5 ரூபாய் அறிவிக்கிறார்கள் என்று வையுங்கள். கூடவே வரும் தாளில் இப்படிப் பிரித்திருக்கும்: வட்டி 1.10, ஈவுத்தொகை 1.70, கடன் திருப்பம் 2.00, பிற 0.20. இந்தக் 'கடன் திருப்பம்' என்ற வரியில்தான் விஷயம் இருக்கிறது.

கட்டடங்களை ரீட் நேரடியாக வைத்திருப்பதில்லை. பெரும்பாலும் துணை நிறுவனங்கள் வைத்திருக்கும். ரீட் அந்தத் துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருக்கும். துணை நிறுவனம் வாடகையை வாங்கி, அதிலிருந்து ரீட்டுக்கு வட்டி கட்டும், அசலையும் திருப்பும். திரும்பிய அசலை ரீட் நமக்குக் கொடுக்கும். ஆக, அது வாடகைப் பணம்தான், ஆனால் பெயர் வேறு. வரிச் சட்டம் அதை வருமானமாகப் பார்க்காமல் உங்கள் முதல் திரும்பியதாகப் பார்க்கிறது. 2023-இல் செய்த திருத்தத்தின்படி, அந்தத் தொகைக்கு இப்போது வரி இல்லை. பதிலாக நீங்கள் யூனிட் வாங்கிய விலையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இப்படித் திரும்பி வந்தது யூனிட்டின் முதல் வெளியீட்டு விலையைத் தாண்டினால், மிகுதிக்கு வரி உண்டு.

நம் எடுத்துக்காட்டில் அது பங்கீட்டில் 40 சதவீதம். 2,40,000-இல் 96,000. பத்து ஆண்டு இப்படியே வந்தால் 9,60,000 ரூபாய் கழிந்து, உங்கள் வாங்கிய விலை 40 லட்சத்திலிருந்து 30,40,000 ஆகிவிடும். அப்போது அதே 40 லட்சத்துக்கு விற்றாலும் சட்டத்தின் கண்ணில் 9,60,000 லாபம். ஆண்டுக்கு 1,25,000 வரை விலக்கு. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரே மூச்சில் விற்றால் ஒரு லட்சத்துக்கு மேல் வரி. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் விலக்குக்குள்ளேயே முடித்துவிடலாம். எனவே இந்தப் பணம் பொய்ப் பணம் இல்லை. தள்ளிப்போட்ட வரி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே முதல் கரையும் சூழ்நிலையும் உண்டு. துணை நிறுவனம் வாடகையிலிருந்து இல்லாமல், வெளியே வங்கியில் கடன் வாங்கி ரீட்டின் கடனை அடைத்தால், நமக்கு வருவது நம் கட்டடத்தை அடகு வைத்த பணம். இதைக் கண்டுபிடிக்க நிதி அறிக்கை முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. காலாண்டு அறிக்கையின் முதல் சில பக்கங்களில் மூன்று எண்கள் இருக்கும். சொத்து மதிப்பில் கடன் எத்தனை சதவீதம், கட்டடப் பரப்பில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, ஒரு யூனிட்டுக்குப் பங்கீடு எவ்வளவு. பங்கீடு கூடாமல் கடன் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். விதிப்படி கடன் 49 சதவீதம் வரை போகலாம், 25-ஐத் தாண்டினால் தரமதிப்பீடும் யூனிட்காரர்கள் ஒப்புதலும் வேண்டும். மொத்தப் பங்கீட்டுத் தொகை ஏறியது என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து மகிழ வேண்டாம். புது யூனிட்களை வெளியிட்டுப் புதுக் கட்டடம் வாங்கினால் மொத்தம் ஏறத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்பது.

அடுத்தது விலை. ஃப்ளாட்டின் விலையைத் தினமும் யாரும் உங்கள் கதவில் ஒட்டுவதில்லை. ரீட்டின் விலை தினமும் தெரியும். 300 ரூபாய்க்கு வெளியான எம்பசி யூனிட் 2020 தொடக்கத்தில் 400-ஐத் தாண்டியிருந்தது. 2023-இல் மீண்டும் 300-ஐ ஒட்டி வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் வந்ததும், சிறப்புப் பொருளாதார மண்டலக் கட்டடங்களின் வரிச் சலுகை தீர்ந்ததும் சேர்ந்து அலுவலகங்களைக் காலியாக்கின. மண்டலத்துக்குள் இருக்கும் தளங்களைத் தளம் தளமாக விடுவித்து மற்ற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட அரசு 2023 டிசம்பரில் அனுமதித்த பிறகே நிலைமை தளர்ந்தது. நடுவில் பயந்து விற்றவர்கள் இழந்தார்கள். பங்கீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர்களுக்கு, விலை சரிந்த ஆண்டுகளிலும் பணம் வந்துகொண்டிருந்தது. இரவில் செல்பேசியில் விலையைப் பார்த்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ளும் சுபாவம் இருந்தால் ரீட் உங்களுக்கு ஆகாது. இதை நான் நேரடியாகவே சொல்லிவிடுவேன்.

வாடகை ஏறுவதில் ரீட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அலுவலக ஒப்பந்தங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றுவது பரவலான வழக்கம். அது எழுத்திலேயே இருக்கும். நம் ஃப்ளாட்டில் 500 ரூபாய் ஏற்றச் சொல்லிக் கேட்கப் போய், "மோட்டாரைச் சரிசெய்து கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவோம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | சத்துவாச்சாரி ஃப்ளாட் | ரீட் (6% என்று வைத்து) |
|---|---|---|
| போட்ட தொகை | 40 லட்சம் | 40 லட்சம் |
| நுழைவுச் செலவு | 4 லட்சம் | சில ஆயிரம் |
| ஆண்டுக்குக் கைக்கு வருவது | 1,12,000 | 2,40,000 |
| முதலின் பக்கமாக ஒதுக்க வேண்டியது | 56,000 (கட்டடத் தேய்மானம்) | 96,000 (கடன் திருப்பம்) |
| நிம்மதியாகச் செலவழிக்கக்கூடியது | 56,000. நிலம் ஏறுவதை நம்பினால் 1,12,000 | 1,44,000 |
| அவசரத்துக்கு எடுப்பது | மாதங்கள் ஆகும். முழுதாகத்தான் விற்க முடியும் | விற்ற மறு வேலை நாளில், வேண்டிய அளவுக்கு |
| விலை ஏற்ற இறக்கம் | இருக்கும், தெரியாது | இருக்கும், தினமும் தெரியும் |

ரீட் பக்கம் 96,000-ஐ முழுக்க முதலாகப் பாவித்தது கொஞ்சம் கடுமைதான். அது வாடகையிலிருந்து வந்த பணமாகவே இருக்கலாம். ஆனால் அலுவலகக் கட்டடமும் பழசாகும், ஓய்வுபெற்றவர் வாழ்க்கையோ இருபத்தைந்து ஆண்டு நீளம். அந்தப் பகுதியைச் செலவழிக்காமல் மறுபடி யூனிட் வாங்கப் போடுங்கள் என்பதே என் யோசனை. அப்படிப் போட்ட பிறகும் மாதம் 12,000 நிற்கிறது. ஃப்ளாட்டின் மொத்த வாடகை அது.

## யாருக்கு எது

ஃப்ளாட் வெல்லும் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் அதே வளாகத்தில் வாங்குவது ஒன்று. குழாய் ஒழுகினால் லுங்கியோடு இறங்கிப் போய்ப் பார்க்கலாம், தரகர் வேண்டாம், குடித்தனக்காரரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பிரிபடாத பாகம் அதிகமாக இருந்து, வாடகை விலையில் 4.5 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் சரி. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்காத மனம் இருந்தால், குறைந்த வருமானத்தை அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலையாக வைத்துக்கொள்ளலாம்.

சி.எம்.சி. நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இரண்டு மடங்கு வரும் என்று தரகர்கள் சொல்வார்கள். வரவும் செய்யும். ஆனால் அது விடுதித் தொழில். தினம் சாவி கொடுக்க, கட்டில் விரிப்பு மாற்ற ஆள் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா சுருங்கியதும் அந்த வருமானம் எவ்வளவு சீக்கிரம் ஆடும் என்று பலருக்குப் புரிந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

ரீட் வெல்வது, பிள்ளைகள் ஊரில் இல்லாதபோது. ஃப்ளாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் மேலே சொன்ன 32,000 செலவு நிச்சயம் அதில் நிற்காது. வைத்தியச் செலவு எப்போது வரும் என்று தெரியாதவர்களுக்கும் ரீட்தான். மூன்று லட்சம் வேண்டுமென்றால் ஃப்ளாட்டில் பால்கனியை மட்டும் விற்க முடியாது. இரண்டு பிள்ளைகள் இருந்து ஒரே ஃப்ளாட் இருந்தால் பின்னால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. யூனிட்களைப் பாதியாகப் பிரிக்கலாம்.

எதுவானாலும் 40 லட்சத்தையும் ஒன்றிலேயே போடாதீர்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அப்போது நிர்ணயித்த வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், ஐந்து ஆண்டுக்கு அதே வட்டி. விலைவாசி ஏறும்போது அது ஏறாது என்பதுதான் குறை. அந்தக் குறையை நிரப்பும் இடத்துக்குத்தான் ரீட்டோ வாடகையோ வர வேண்டும்.

அந்தத் தம்பதிக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. காந்தி நகரில் அவர்கள் வீடு தரைத்தளத்தோடு நிற்கிறது. வி.ஐ.டி. பக்கத்திலேயே. மேலே 800 சதுர அடி போர்ஷன் எடுத்தால், சதுர அடி 2,200 என்று வைத்து 17,60,000 ஆகும். நிலம் ஏற்கெனவே சொந்தம், பத்திரச் செலவு இல்லை. 10,000 வாடகை வந்தால் போட்டதில் 6.8 சதவீதம். இந்த ஊரில் வாடகை வருமானம் என்று சொல்லத்தக்க கணக்கு இதில்தான் வருகிறது. அஸ்திவாரமும் தூண்களும் மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும், கட்ட அனுமதி வாங்க வேண்டும், தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் நடமாடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் ஒன்று கேட்டார்: "யூனிட் வாங்கினால் அந்தக் கட்டடத்தை நாம் போய்ப் பார்க்க முடியுமா?" வடபழனியில் இருக்கும் நெக்சஸ் விஜயா மால் ஒரு ரீட்டுக்குச் சொந்தமானது என்றேன். அவர் கணவர் பக்கம் திரும்பினார். "என்னங்க, பேத்திக்கு அங்கேதானே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம்?"

20 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார்கள். ரீட்டுக்கு 10 லட்சம். அதையும் காலாண்டுக்கு 2,50,000 என்று நான்கு தவணையாக வாங்கச் சொன்னேன். மீதி 10 லட்சம், பொறியாளர் தூண்களைப் பார்த்துச் சொல்லும்வரை வங்கி வைப்பில். சத்துவாச்சாரிக்கு முன்பணம் போகவில்லை.

முதல் பங்கீடு வந்த அன்று கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், முதல் தவணை 2,50,000-க்கு 3,750 வரும் என்றீர்கள். 3,540 தான் வந்திருக்கிறது. யார் எடுத்தார்கள்?" தாளைக் கையில் எடுத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். வட்டி, ஈவுத்தொகை இரண்டும் சேர்த்து 2,100. அந்த ரீட்டின் ஈவுத்தொகை வரிக்குரிய வகை, அதனால் இரண்டிலும் 10 சதவீதம் பிடித்திருக்கிறார்கள்: 210. அவருடைய மொத்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. கணக்கு தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். ஆனால் இத்தனை நாள் அவர் நிரப்பிய ஐ.டி.ஆர்-1 என்ற எளிய படிவம் இதற்குச் செல்லாது, ஐ.டி.ஆர்-2 வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜூலை முதல் வாரம் வரச் சொன்னேன். மஞ்சள் பையிலேயே வைத்திருக்கிறாராம்.